அத்தியா டிரேடர்ஸ்

அமீனுல்லாவிடம் எதையும் கேட்பதற்கு அவர் நல்ல மனநிலையில் இருக்கும் நேரம் பார்க்க வேண்டும் என்று கடையில் எல்லோரும் சொல்வார்கள். அப்படி ஒரு நேரம் கிடையாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். எழில்மதி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டாள். அவர் கல்லாவில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

“பாய், வூட்டு லோனு போடறேன். சம்பள சர்டிபிகேட்டும், இங்க வேல செய்றேன்னு ஒரு லெட்டரும் கேக்கறாங்க.”

“யாரு கேக்கறா?”

“லோன் கம்பெனிக்காரங்க.”

குச்சி வாயிலேயே இருந்தது. “இப்ப இன்னாத்துக்கும்மா உனக்கு அவ்ளோ பெரிய கடனு? வாடக வூட்ல நிம்மதியா இருக்கற.”

டைல்ஸ் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த அம்மாசி திரும்பாமலேயே சொன்னார். “வாடக வூடு நிம்மதின்னு சொல்றவங்கோ எல்லாம் சொந்த வூட்லதான் கீறாங்கோ.”

“நீ பொட்டிய ஒடைக்காம அடுக்கு.”

“நான் பொட்டிகிட்டதான் பேசினு கீறேன் மொதலாளி.”

அமீனுல்லா சிரிக்கவில்லை. “பாக்கலாம்” என்றார். அந்தக் கடையில் ‘பாக்கலாம்’ என்றால் ‘இல்லை’ என்று பொருள்.

கச்சிராயபாளையம் சாலையில் இருக்கும் அந்தக் கடைக்கு வாசல் ஒன்று, கல்லா ஒன்று, பெயர்ப் பலகை ஒன்று. அமீன் டைல்ஸ். முன்னால் டைல்ஸ், நடுவில் குளியலறைச் சாமான்கள், கடைசியில் பெயிண்ட். வாங்க வருகிறவர்களுக்கு அது ஒரே கடை. காகிதத்தில் மூன்று. டைல்ஸ் அமீனுல்லாவின் பெயரில், குளியலறைச் சாமான்கள் துபாயில் இருக்கும் அவர் தம்பியின் பெயரில், பெயிண்ட் அவர் மனைவி அத்தியாவின் பெயரில். ஆடிட்டர் சொன்ன யோசனை அது. ஒரு கடையில் பத்துப் பேர் வேலை செய்தால் ஈ.எஸ்.ஐ. கட்ட வேண்டும். மூன்றாகப் பிரித்தால் எதிலும் பத்து வராது. ஒரே பாத்திரத்தில் டீ குடிக்கிறவர்களுக்கு மூன்று கணக்குகளிலிருந்து சம்பளம் வந்தது. எழில்மதிக்கு அத்தியா டிரேடர்ஸ் கணக்கிலிருந்து. அவள் பெயிண்ட் விற்றதில்லை. எட்டு வருடமாக டைல்ஸுக்குப் பில் போடுகிறாள்.

முன்பு ஒரு விற்பனையாளன், பைக் கடனுக்கு என்று சொல்லி லெட்டர் வாங்கிக்கொண்டு போனான். வேலையை விட்டு நின்றதும் அதைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனான். மூன்றும் ஒரே கடைதான் என்று மனு எழுதினான். அமீனுல்லா அவனுக்குக் கொடுத்ததையும் அலைந்ததையும் சேர்த்தால் இன்னொரு கடை வைத்திருக்கலாம். அன்றோடு லெட்டர் கொடுப்பது நின்றது.

எழில்மதிக்கு அந்தக் கதை தெரியும். ஆனால் அவளுக்கு வேறு வழியில்லை. கணவன் சின்னக்கண்ணு சென்ட்ரிங் வேலைக்காரன். இப்போது வெள்ளிமலையில் ஒரு விடுதிக் கட்டடத்தில் இருக்கிறான். கூலி கையில் வரும், கையிலேயே போகும். அவனுக்கு யாரும் சான்றிதழ் எழுதித் தர முடியாது. கடன் இவள் சம்பளத்தின் மேல்தான் வந்தாக வேண்டும். ஏமப்பேர் பக்கத்தில் இரண்டு அறை வீடு. விற்கிறவர் மகனோடு திருப்பூர் போகிறார். மாதக் கடைசிக்குள் பத்திரம் முடிக்காவிட்டால் முன்பணம் திரும்ப வராது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. முன்பணம் என்பது அம்மா சாலம்மாளின் இரண்டு மாடுகள்.

தினமும் கேட்டாள். ஒருநாள் கல்லாவில், ஒருநாள் லாரி வந்து நின்றபோது, ஒருநாள் அவர் தொழுகைக்குக் கிளம்பும்போது. கடைசியில் அவரே கூப்பிட்டார்.

“டைப் பண்ணு. நான் சொல்றேன்.”

பில் போடும் கம்ப்யூட்டரில் அவளே தன் சான்றிதழைத் தட்டினாள். பெயர், வேலை, சேர்ந்த தேதி, மாதச் சம்பளம். அவர் பின்னால் நின்று ஒவ்வொரு வரியையும் படித்தார். சம்பளத்தைச் சரியாகத்தான் சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அச்சு எடுக்கும்போது அமீன் டைல்ஸ் லெட்டர் பேடை நீட்டினார்.

சம்பளம் வேறு கணக்கிலிருந்து வருவது அவளுக்கு அப்போதே உறைத்தது. வாயைத் திறக்கவில்லை. வந்ததைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நினைத்தாள்.

கடன் கம்பெனியின் ஜெயப்பிரகாஷ் அதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. சான்றிதழை ஒரு பக்கம் வைத்தான், ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கையை இன்னொரு பக்கம் வைத்தான்.

“மேடம், லெட்டர்ல அமீன் டைல்ஸ்னு இருக்குது. சம்பளம் போடறது அத்தியா டிரேடர்ஸ். அது யாரு?”

“ரெண்டும் ஒண்ணுதான் சார்.”

“அப்ப ஒண்ணுன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க.”

அந்த ஒரு வரியை எழுதிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அமீனுல்லா இத்தனை வருடமாக மூன்று கணக்கு வைத்திருக்கிறார்.

“இல்லன்னா அத்தியா டிரேடர்ஸ் லெட்டர் பேட்லயே வாங்கிட்டு வாங்க. அதோட ஓனர் கையெழுத்து, சீலு. நேர்ல பாக்க எங்க ஆளு வருவாரு. அந்த அட்ரஸ்ல கடை இருக்கணும், நீங்க இருக்கணும். எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். இப்படியே அனுப்பினா மேல ஃபைல தூக்கிப் போட்டுடுவாங்க. ஒருவாட்டி போட்டுட்டா வேற கம்பெனியிலயும் ஏன்னு கேப்பாங்க.”

மறுநாள் காலை கடை திறந்ததும் சொன்னாள். அமீனுல்லா கல்லாச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அவர் கத்தினால் பரவாயில்லை என்று கடையில் சொல்வார்கள்.

“ரெண்டும் ஒண்ணுன்னு எழுதணுமா?”

“வேணாம் பாய். அத்தியா டிரேடர்ஸ் பேர்ல குடுங்க, போதும்.”

“அந்த அட்ரஸ் எது தெரியுமா? எங்க வூட்டு சந்துல கீற ஷெட்டு. காலி டின்னும் ஒடஞ்ச டைல்ஸும் கெடக்குது. உன் ஆளு வருவான். பூட்டப் போட்டோ எடுப்பான். அக்கம்பக்கத்துல கேப்பான். நாளைக்கு ஜி.எஸ்.டி.காரன் வருவான்.”

“லோனுக்குத்தான் பாய் கேக்கறேன்.”

“அவனும் லோனுக்குன்னுதான் கேட்டான்.”

“நான் அவன் இல்ல.”

“அவனும் வாங்கற வரைக்கும் அவன் இல்ல.” சாவியைக் கல்லாவில் போட்டார். “வேற எதுனா கேளும்மா. கைமாத்து வேணுமா, தரேன். பொண்ணு ஸ்கூல் ஃபீஸா, கட்டறேன். எட்டு வருஷத்துல உனக்கு நான் இல்லன்னு சொல்லிக்கீறனா?”

சொன்னதில்லை. அதுதான் கஷ்டம். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிச் செலவு பார்த்தவர் அவர். கொடுப்பதில் அவருக்குக் குறை இல்லை. எழுதிக் கொடுப்பதுதான் ஆகாது.

மதியம் அம்மாசி ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து பீடியைக் காதிலிருந்து எடுத்தார்.

“நீ தப்பான ஆளுகிட்ட கேட்டுனு கீற.”

“வேற யாருகிட்ட கேக்கறது?”

“உனக்கு சம்பளம் யாரு குடுக்கறா?”

“பாயி.”

“பேங்கு புக்குல பாயின்னா போட்டுக்கீது?” அவர் பீடியைப் பற்ற வைத்தார். “நம்ம மொதலாளி ஊருக்கே மொதலாளி. உன் ஒருத்திக்குத்தான் மொதலாளி இல்ல.”

அன்று மாலை எழில்மதி அத்தியா டிரேடர்ஸ் என்று தலைப்புப் போட்டு அதே சான்றிதழையும், வேலையில் இருப்பதற்கான கடிதத்தையும் புதிதாகத் தட்டி அச்செடுத்தாள். ஜி.எஸ்.டி. எண்ணைப் பழைய பெயிண்ட் பில்லிலிருந்து எடுத்தாள். அமீனுல்லா கடையில் இருக்கும்போதே கிளம்பினாள். அவர் வீட்டுக்கு வேகமாக நடந்தாள்.

அத்தியாவை அவள் ரம்ஜானுக்கு முதலாளி வீட்டில் கொடுக்கும் துணியை வாங்கப் போகும்போது மட்டும் பார்த்திருக்கிறாள். வீட்டு வாசலில் கேஸ் சிலிண்டர்காரனை நிறுத்தி வைத்துத் தராசில் எடை போட்டுக்கொண்டிருந்தாள் அத்தியா. சிலிண்டர் வாயில் இருந்த சீலைத் தொட்டுப் பார்த்தாள். முள் நின்றதும்தான் பணத்தை எடுத்தாள்.

“கடையிலேர்ந்து அனுப்பினாரா?”

“இல்லம்மா. நானாத்தான் வந்தேன். பாய்க்குத் தெரியாது.”

அத்தியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே வரச் சொன்னாள். எழில்மதி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வீடு, மாடு, மாதக் கடைசி, மூன்று கணக்கு. மறைக்கவில்லை. மறைத்து வாங்கினால் அது இன்னொரு பைக் கடன் லெட்டர் ஆகிவிடும்.

அத்தியா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தைப் படித்தாள். வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள்.

“இதுல பொய்யி எதுனா கீதா?”

“இல்லம்மா. ஆனா நான் வேல செய்யறது அந்தக் கடையில.”

“சம்பளம் என் கணக்குலேர்ந்துதான வருது?”

“ஆமாம்மா.”

“மாசா மாசம் செக்கு கொண்டாந்து நீட்டுவாரு. நான் கையெழுத்து போட்டுனு இருப்பேன். எழில்மதின்னு ஒரு பேரு வரும். ஆம்பளையா பொம்பளையான்னு கூட யோசிச்சது இல்ல.” கடிதத்தை மடியில் வைத்தாள். “நான் உனக்கு ஒழுங்கா சம்பளம் குடுத்துனு வரனா?”

எழில்மதிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். “குடுத்துனு வரீங்கம்மா.”

“பாக்கி எதுவும் இல்லியே?”

“இல்லம்மா.”

பீரோவிலிருந்து செக் புத்தகமும் சீலும் வந்தன. சீலை இரண்டு தடவை ஊதிவிட்டுக் குத்தினாள். ‘உரிமையாளர்’ என்ற வார்த்தையின் மேல் கையெழுத்துப் போட்டாள்.

“இத வச்சி என் வூட்டுக்காரரு மேல எதுனா எழுதிப் போட்டின்னா?”

“போட மாட்டேன்மா.”

“நீ போடுவியா மாட்டியான்னு கேக்கல. உனக்குத் தெரியணும்னு சொல்றேன். இது அவரு கையெழுத்து இல்ல, என்னுது.” ஆணியில் தொங்கிய ஒரு சாவியை எடுத்தாள். “ஆளு வர்ற அன்னிக்கு சொல்லு. ஷெட்ட தொறந்து வைக்கறேன்.”

புது லெட்டரை வாங்கிக்கொண்ட ஜெயப்பிரகாஷ் வெள்ளிக்கிழமை காலையில் கூப்பிட்டான். “மேடம், இன்னிக்கு மதியம் ஆளு வராரு. இருங்க.” அமீனுல்லா ஜும்மாவுக்குப் பள்ளிவாசல் போவார் என்பது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அத்தியாவுக்குப் போனில் சொன்னாள், பில் போடுவதைப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் விட்டுவிட்டுச் சந்துக்கு ஓடினாள்.

ஷெட்டின் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. அத்தியா முக்காடு போட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் துருப்பிடித்த டின்கள், சிமெண்ட் சாக்கு, கால் உடைந்த ஏணி. ஓர் ஓரத்தில் பூனை குட்டி போட்டிருந்தது. சரிபார்க்க வந்த இளைஞன் செல்போனில் ஷட்டரைப் படம் எடுத்தான். பிறகு மேலே பார்த்தான்.

“போர்டு எங்கம்மா?”

“இல்லப்பா.”

“பெயிண்ட் கடைங்கறீங்க. ஸ்டாக்கு?”

“இது இருக்கறதுதான்.”

“இவங்க இங்கதான் வேல செய்றாங்களா?”

எழில்மதி வாயைத் திறந்தாள். அத்தியா கையை லேசாக உயர்த்தினாள். “இவ என் ஆளு. சம்பளம் நான் குடுக்கறேன். எங்க வேல செய்யணும்னு நான் அனுப்பறேன். இப்ப எங்க வூட்டுக்காரரு கடையில பில்லு போடறா.”

அவன் எழுதிக்கொண்டே இருந்தான். எதை எழுதினான் என்று தெரியவில்லை. எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்தான். அங்கே போய்க் கேட்கப் போகிறான் என்று எழில்மதிக்குப் புரிந்தது. எதிர் வீட்டுக்காரர் கேட்டதற்கு மேல் சொல்கிறவர்.

அப்போது ஸ்கூட்டர் வந்தது. அமீனுல்லா தொப்பியைக் கழற்றவில்லை. தொழுகை முடிந்து வீட்டுக்குப் போனவர், ஆணியில் சாவி இல்லை என்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஷட்டர், மனைவி, பில் போடும் பெண், கையில் போனோடு ஒரு அந்நியன். யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. அவர் எழில்மதியைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. கணக்குப் போடும் பார்வை.

“சார், நீங்க யாரு?” என்று கேட்டான் இளைஞன்.

இருபது வருடமாக அந்த ஊரில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அமீனுல்லா மனைவியைப் பார்த்தார். அவள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

“இவங்க வூட்டுக்காரரு” என்றார்.

“கடை உங்களுதா, இவங்களுதா?”

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. அமீனுல்லா அதைப் பார்த்தார். ‘என்னுது’ என்றால் மூன்றும் ஒன்று. ‘கடையே இல்லை’ என்றால் அத்தியா டிரேடர்ஸ் பேரில் போட்ட பில் எல்லாம் பொய். எழில்மதி தன் வீட்டை மறந்துவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவங்களுது” என்றார். தொண்டையைச் செருமினார். “போர்டு எழுதக் குடுத்துக்கீது. ஸ்டாக்கு இப்பதான் மாத்தறோம். இந்தப் பொண்ணு இங்கதான் ஒக்காரப் போவுது.”

“அப்ப போர்டு மாட்டினதும் இன்னொருவாட்டி வரேன். ஸ்டாஃப் சீட்ல இருக்கணும். இன்னிக்கு போர்டு இல்லன்னுதான் போடுவேன்.”

“வாங்க” என்றார் அமீனுல்லா.

அவன் கிளம்பிப் போனான். பூனை ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு ஏணிக்குப் பின்னால் போனது.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல நீ” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அத்தியா பதில் சொன்னாள். “உங்ககிட்ட அவ எத்தினி வார்த்த சொன்னா?”

அவர் தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “நாளையிலேர்ந்து கடைக்கு வராத” என்றார் எழில்மதியிடம். வேலை போனால் கடன் இல்லை, கடன் இல்லையென்றால் மாடும் இல்லை. அவர் ஸ்கூட்டரை உதைத்துவிட்டு மிச்சத்தைச் சொன்னார். “இங்க வா. பேப்பர்ல இன்னா கீதோ அப்டியே இருக்கட்டும்.”

மறுநாள் போர்டு வந்தது. அத்தியா டிரேடர்ஸ், பெயிண்ட் விற்பனை, உரிமையாளர் அத்தியா. அம்மாசி லோடு வண்டியில் பெயிண்ட் டின்களைக் கொண்டுவந்து இறக்கினார். ஒரு மேசை போட்டார். மின்விசிறிக்கு இணைப்பு இல்லை.

“ஜெயில்ல கூட ஃபேனு கீதுமா” என்றார்.

“நீ போய்ப் பாத்தியா?”

“எங்க மச்சான் சொல்வான்.”

இளைஞன் திரும்ப வந்தான். போர்டை, டின்களை, மேசைக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டிருந்த எழில்மதியைப் படம் எடுத்தான். ஜெயப்பிரகாஷ் கூப்பிட்டு, ஃபைல் நகர்ந்துவிட்டது என்றான். கடன் ஆனது. கூட்டு விண்ணப்பதாரன் என்பதால் சின்னக்கண்ணு வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்து கையெழுத்துப் போட்டான். மாதம் முடிவதற்குள் பத்திரமும் முடிந்தது. மூலப் பத்திரம் கம்பெனிக்குப் போனது. வீட்டுச் சாவி சாலம்மாளின் இடுப்பில் ஏறியது.

எழில்மதி கடைக்குத் திரும்பக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தாள். அமீனுல்லா கூப்பிடவில்லை. கோபத்தில் இல்லை. வழியில் பார்த்தால் மகளை விசாரித்தார். ஆனால் டைல்ஸ் பில் போடும் இடத்தில் இன்னொரு பெண் உட்கார்ந்துவிட்டாள். டைல்ஸ் விற்றால் மாலையில் கையில் கிடைக்கும் கமிஷன் போனது. சம்பளம் அப்படியே வந்தது. கடன் தவணை அதிலிருந்து முதலில் போனது. மிச்சம் இருந்ததில் மூன்று பேர் சாப்பிட்டார்கள். சின்னக்கண்ணு மலைக்குத் திரும்பினான்.

சந்தில் யாரும் பெயிண்ட் வாங்க வரவில்லை. காலையில் ஷட்டர் தூக்கி, மேசை துடைத்து, தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபது வருடத் தவணைக்கு இப்படியே உட்கார வேண்டும். வேலையை விட்டால் வீடு போகும். உட்கார்ந்திருப்பதுதான் வேலை. பதினொரு மணிவாக்கில் அத்தியா வருவாள். “யாருனா வந்தாங்களா?” என்பாள். “இல்லம்மா.” ஒரு டின்னைத் தூக்கிப் பார்த்து வைத்துவிட்டுப் போவாள்.

மழை விட்ட ஒரு நாள் பைக்கில் ஒருவர் வந்து நின்றார். மெயின் ரோட்டுப் பெரிய கடையில் கூட்டம் என்றார். வெள்ளிமலையில் விடுதிக் கட்டடம், பிரைமர் வேண்டும், மொத்தமாக வேண்டும்.

“இன்னா வெலங்க போடுவீங்க?”

அவளுக்குத் தெரியாது. பழக்கத்தில் கை போனை எடுத்தது. அமீன் டைல்ஸுக்குப் போட்டாள். அம்மாசி எடுத்தார்.

“பிரைமர் டின்னு மொத்தத்துக்கு எவ்ளோன்னு பாய்கிட்ட கேட்டு சொல்லு.”

அமீனுல்லாவின் குரல் தூரத்தில் எதையோ சொன்னது. அம்மாசி திரும்ப வந்தார். அவர் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

“இது அமீன் டைல்ஸுங்க. பெயிண்டு வேற கடை. அவங்க வெலய அவங்களதான் கேக்கணுமாம்.”

எழில்மதி போனை வைத்தாள். பைக்கில் வந்தவர் காத்திருந்தார். அவள் அத்தியாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தாள். கேஸ் அடுப்புச் சத்தம் கேட்டது.

“ஆளு வந்துக்கீறாங்கம்மா. மொத்தமா கேக்கறாங்க. வெல தெரியல.”

“வாங்கின பில்லு மேசையில இல்ல?”

“கீதும்மா.”

“அத பாத்து மேல வை. எவ்ளோ வைக்கறதுன்னு உனக்குத் தெரியாதா? எட்டு வருஷம் பில்லு போட்டவ.” அடுப்பு அணைந்தது. “கமிஷன் வச்சிக்க. எங்க வூட்டுக்காரரு குடுத்தாரு இல்ல, அந்தக் கமிஷன். ஒரு பைசா ஜாஸ்தி எடுக்காத.”

எழில்மதி பில்லைப் பார்த்தாள். மனதுக்குள் கூட்டினாள். ஒரு விலை சொன்னாள்.

அவர் குறைக்கச் சொன்னார். அவள் குறைக்கவில்லை. வண்டியை ஸ்டாண்ட் போட்டார். அச்சடித்து வந்து தொடாமல் கிடந்த பில் புத்தகத்தை அவள் மேசை மேல் வைத்துப் பிரித்தாள். முதல் தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் எடுத்தாள்.

“கடை பேரு இன்னாங்க? ஆபீஸ்ல ரசீது கேப்பாங்க” என்றார் அவர், மேலே போர்டைப் பார்க்காமல்.